சீட்டு எடுத்தும் பணம் கைக்கு வரவில்லை: தகராறு ஜாமீனிலா, கல்லாவிலா?

கேள்வி: பதிவு பெற்ற சீட்டு கம்பெனி ஒன்றில் 5 லட்ச ரூபாய் சீட்டில் சேர்ந்திருக்கிறேன். 25 பேர், மாதம் 20,000 ரூபாய். எட்டாவது ஏலத்தில் 1,20,000 தள்ளி எடுத்தேன். ஏலம் முடிந்து 40 நாளாகிறது, பணம் வரவில்லை. முதலில் இரண்டு ஜாமீன் கேட்டார்கள். அரசுப் பள்ளி ஆசிரியரான மைத்துனரையும் ஒரு நண்பரையும் கொடுத்தேன். பிறகு மூன்றாவது ஆள் வேண்டும் என்றார்கள். இப்போது வீட்டுப் பத்திரம் கொண்டு வா என்கிறார்கள். நடுவில் "பணம் பெற்றுக்கொண்டேன்" என்ற வவுச்சரில் கையெழுத்துக் கேட்டார்கள், போடவில்லை. ஒன்பதாவது தவணையைக் கட்டிவிட்டேன். பத்தாவதை நிறுத்தினால்தான் வழிக்கு வருவார்கள் என்கிறார் நண்பர். நிறுத்தலாமா? இதே சீட்டில் என் அக்காவும் இருக்கிறார். ஆறு மாதம் கட்டிவிட்டு மூன்று மாதமாகக் கட்டவில்லை. பெயரை நீக்கிவிட்டோம், கட்டியது கட்டியதுதான் என்கிறார்கள். அப்படிச் சொல்ல முடியுமா?
— வாசகர், ஈரோடு

பதில்: பத்தாவது தவணையை நிறுத்தாதீர்கள். பணம் கைக்கு வராவிட்டாலும், ஏட்டில் நீங்கள் சீட்டு எடுத்தவர். சீட்டு எடுத்தவர் தவணை தவறினால், மீதியுள்ள எல்லாத் தவணைகளையும் ஒரே தொகையாகக் கட்டும்படி, சீட்டை நடத்தும் ஃபோர்மேன் எழுத்து மூலம் கேட்க சீட்டு நிதிச் சட்டம், 1982 இடம் தருகிறது. இன்று வரை தவறு அவர்கள் பக்கம் மட்டும்தான் இருக்கிறது. ஒரு தவணை நின்றால், "முதலில் நிலுவையைக் கட்டுங்கள், அப்புறம் பேசலாம்" என்று பேச்சையே திருப்பிவிடுவார்கள். தவணையை ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி மூலம் கம்பெனிக் கணக்குக்கு அனுப்புங்கள். ரசீது வாங்கி, பாஸ்புக்கிலும் பதிய வையுங்கள்.

வவுச்சரில் கையெழுத்துப் போடாதது நல்ல காரியம். இனியும் போடாதீர்கள். அந்தக் காகிதத்தின் மதிப்பு என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கண்டுபிடிக்க வேண்டியது ஒன்றுதான். உங்கள் ஜாமீன் உண்மையிலேயே போதவில்லையா, அல்லது கம்பெனியின் கல்லாவில் பணம் இல்லாமல் ஜாமீனைச் சாக்காகச் சொல்கிறார்களா? வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் சட்டமே இதற்கு ஒரு சோதனையை வைத்திருக்கிறது, பலருக்கு அது தெரிவதில்லை. சட்டத்தின் 22-ஆம் பிரிவுப்படி, சீட்டு எடுத்தவர் தரப்பில் குறை இருந்து, அடுத்த தவணை நாள் வரை பரிசுத் தொகையை, அதாவது தள்ளு போக அவருக்கு வர வேண்டிய பணத்தை, கொடுக்க முடியவில்லை என்றால், அந்தத் தொகையை ஃபோர்மேன் தன்னிடமே வைத்துக்கொள்ள முடியாது. சீட்டு ஒப்பந்தத்தில் பெயர் குறிப்பிட்டுள்ள வங்கியில் தனிக் கணக்கில் உடனே போட்டாக வேண்டும். போட்டதையும், ஏன் போட்டோம் என்பதையும் உங்களுக்கும் சீட்டுப் பதிவாளருக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்.

உங்கள் சீட்டில் ஒன்பதாவது ஏலம் நடந்து ஏறக்குறைய பத்து நாளாகியிருக்கும். அதாவது ஜாமீன் போதவில்லை என்பது உண்மையானால், உங்கள் பணம் இந்நேரம் தனிக் கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டும், உங்களுக்குக் கடிதமும் வந்திருக்க வேண்டும். கடிதம் வந்ததாக நீங்கள் சொல்லவில்லை. ஆகவே அலுவலகத்துக்குப் போய் மூன்றாவது ஜாமீனைப் பற்றி வாதாடாதீர்கள். "எட்டாவது தவணைப் பணத்தை எந்த வங்கியில், எந்தத் தேதியில் போட்டீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பணம் இருக்கிற கம்பெனி சலானை எடுத்துக் காட்டும். பணத்தை வேறு சீட்டுக்குச் சுற்றிவிட்ட கம்பெனி, "மேனேஜர் வரட்டும்" என்று சொல்லும்.

அவர்கள் வாய்ச் சொல்லை நம்பவும் தேவையில்லை. ஒவ்வொரு ஏலத்துக்கும் மினிட்ஸ் புத்தகத்தில் நடவடிக்கைக் குறிப்பு எழுத வேண்டும். ஏலம் தொடங்கிய, முடிந்த நேரம், வந்திருந்தவர்கள், எடுத்தவர், தள்ளிய தொகை ஆகியவற்றோடு, முந்தைய தவணைகளில் கொடுக்கப்படாமல் நிற்கும் பரிசுத் தொகை என்னவாயிற்று என்ற விவரமும் அதில் இருந்தாக வேண்டும். ஃபோர்மேனோடு, வந்திருந்த உறுப்பினர்களில் குறைந்தது இருவரும் அதில் கையெழுத்திட வேண்டும். அதன் உண்மை நகல் ஏல நாளிலிருந்து 21 நாட்களுக்குள் பதிவாளரிடம் தாக்கலாக வேண்டும். உங்களுக்கு வேண்டியது எட்டாவது ஏலத்தின் குறிப்பு அல்ல, ஒன்பதாவதன் குறிப்பு. உங்கள் பணத்தின் கதை அதில்தான் வர வேண்டும். சீட்டு எடுத்தும் பணம் பெறாதவருக்கும், சீட்டே எடுக்காதவருக்கும், கம்பெனியின் சீட்டுக் கணக்குகளையும் ஜாமீன் ஆவணங்களையும் பார்வையிடும் உரிமை உண்டு. ஒப்பந்தத்தில் எழுதிய நாளில், நேரத்தில், 5 ரூபாய்க்கு மேற்படாத கட்டணத்தில் காட்ட வேண்டும் என்பது சட்டம். ஏல நாளன்றே போய்க் கேட்பது சுலபம், அன்று மற்ற உறுப்பினர்களும் இருப்பார்கள்.

அந்தக் குறிப்பில் மூன்றில் ஒன்றைத்தான் பார்ப்பீர்கள். "வங்கியில் போடப்பட்டது" என்று இருந்தால், தகராறு ஜாமீன் பற்றியது மட்டும். எதுவுமே எழுதாமல் விட்டிருந்தால், அது கம்பெனியின் சட்ட மீறல். "பரிசுத் தொகை வழங்கப்பட்டது" என்று இருந்தால்தான் உஷாராக வேண்டும். உங்களிடம் கேட்ட வவுச்சர் அப்படி எழுதிய ஒரு வரிக்கு முட்டுக் கொடுக்கத்தான் தேவைப்படும். நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால், பணம் வரவில்லை என்பதை நிரூபிக்கும் சுமை முழுவதும் உங்கள் தலையில் விழுந்திருக்கும்.

இனி கணக்கு. சீட்டுத் தொகை 5,00,000. தள்ளு 1,20,000 போக உங்களுக்கு வர வேண்டியது 3,80,000. இந்தத் தள்ளுக்குள்ளேயே ஃபோர்மேன் கமிஷன் அடங்கும். ஒப்பந்தத்தில் 5 சதவீதம் என்று இருந்தால் 25,000. மீதி 95,000-ஐ 25 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 3,800 கசர், அதாவது தவணையில் கழியும் பங்கு. ஆகவே அந்தத் தவணைக்கு ஒவ்வொருவரும் கட்டுவது 16,200. சட்டம் அனுமதிக்கும் கமிஷன் முன்பு 5 சதவீதம், 2019 திருத்தத்தில் அது 7 ஆக உயர்ந்தது. 7 என்பது உச்சவரம்புதான். உங்கள் ஒப்பந்தத்தில் 5 என்று எழுதியிருந்தால் 5-தான் எடுக்கலாம். நடுவில் மாற்ற வேண்டுமானால் உறுப்பினர் அத்தனை பேரும் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். கமிஷன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி உண்டு. 25,000-க்கு அது 4,500 ரூபாய். அதை உங்கள் பணத்தில் கழித்தால் 3,75,500 வரும். ஜிஎஸ்டி கமிஷனுக்குத்தான், 5 லட்சத்துக்கு அல்ல. "செயல்முறைக் கட்டணம்", "டாக்குமெண்ட் சார்ஜ்" என்று வேறு எதையாவது கழித்தால், ஒப்பந்தத்தில் அது எந்த வரியில் இருக்கிறது என்று கேளுங்கள். தனக்குரிய கமிஷன், வட்டி, அபராதம் இவற்றுக்கு மேல் ஃபோர்மேன் தனக்கென எதுவும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஜாமீன் கேட்பதே அநியாயம் என்று எண்ண வேண்டாம். நீங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு நின்றுவிட்டால், கடைசி வரை காத்திருக்கும் உறுப்பினர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஃபோர்மேன். யாரிடமும் ஜாமீன் கேட்காமல் மறுநாளே பணம் தருகிற கம்பெனியைப் பார்த்தால்தான் எனக்குப் பயம். ஆனால் எவ்வளவு போதும் என்பதற்கு அளவு உண்டு. சட்டத்தின் 21-ஆம் பிரிவு விளக்கப்படி, நீங்கள் இனிக் கட்ட வேண்டிய தொகையைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல் மதிப்புள்ள பிணையம் போதுமானது; வீடு, நிலம் போன்ற அசையாச் சொத்தாக இருந்தால் பாதி கூடுதல்.

ஒன்பது தவணை கட்டியாயிற்று, மீதி 16. தவணைக்கு 20,000 வீதம் உங்கள் பொறுப்பு 3,20,000. அதில் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் சுமார் 4,26,700. அந்த மதிப்புள்ள வங்கி வைப்பு ரசீதோ காப்பீட்டுப் பத்திரத்தின் சரண்டர் மதிப்போ கொடுத்தால் சட்டப்படி போதும். வீடென்றால் 4,80,000 மதிப்பு வேண்டும். மாதாமாதம் கசர் போகக் குறைவாகத்தானே கட்டுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். தவணை தவறியவருக்குக் கசர் கிடையாது என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதியிருப்பார்கள், அதனால் பிணையத்தை முழுத் தவணைக்குத்தான் கணக்கிடுவார்கள்.

ஆள் ஜாமீனில்தான் சிக்கல். மனிதருக்கு ரூபாயில் மதிப்புப் போட முடியாது. எத்தனை பேர், என்ன சம்பளம், அரசு ஊழியரா தனியாரா என்பதைச் சட்டம் எங்கும் சொல்லவில்லை. அதை ஒப்பந்தமும் கம்பெனியின் வழக்கமும் முடிவு செய்கின்றன. ஆகவே ஒப்பந்த நகலை எடுத்துப் பாருங்கள். முதல் ஏலத்துக்கு முன்பே சான்றிட்ட நகல் ஒன்றை ஒவ்வொரு உறுப்பினருக்கும் ஃபோர்மேன் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை என்றால் இப்போதே கேளுங்கள். "இரண்டு சம்பள ஜாமீன்" என்று அதில் இருந்து, நீங்கள் கொடுத்த இருவரும் அந்த வரையறைக்குள் வந்தால், மூன்றாவது ஆளைக் கேட்க அவர்களுக்கு வலுவான காரணம் வேண்டும். "ஃபோர்மேன் திருப்திக்கேற்ப" என்று மட்டும் எழுதியிருந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் இடம் இருக்கிறது. அப்போதும் யாரை ஏன் நிராகரித்தோம் என்று எழுதித் தரச் சொல்லலாம். ஒரு ஜாமீன்தாரர் ஏற்கெனவே நான்கு பேருக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார், அல்லது சம்பளத்தில் பாதி கடனுக்குப் பிடித்தமாகும். இவை நியாயமான காரணங்கள். "மேலிடத்தில் ஒப்புக்கொள்ளவில்லை" என்பது காரணமே அல்ல.

வீட்டுப் பத்திரம் கொடுப்பதைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். 3,20,000 பொறுப்புக்குப் பல லட்சம் பெறும் வீட்டின் மூலப் பத்திரத்தைக் கொடுத்துவிட்டு, சீட்டு முடிந்தபின் அதை மீட்க அலைவது சாதாரணமாக நடக்கிறது. கொடுத்தே தீர வேண்டும் என்றால், ஒவ்வொரு ஆவணத்தின் எண்ணும் தேதியும் எழுதிய பெறுகைச் சீட்டு வாங்குங்கள். எந்தச் சீட்டுக் குழுவின் எந்தத் தவணைக்கு என்பதும், கடைசித் தவணை கட்டியதும் திருப்பித் தரப்படும் என்பதும் அதில் இருக்கட்டும். தொகை எழுதாத செக், தொகை எழுதாத புரோநோட்டு இரண்டையும் கொடுக்காதீர்கள். இதற்கு நடுவில் ஒரு வழியும் உண்டு. கொடுத்த இரண்டு ஜாமீன்களோடு, சீட்டுப் பணத்திலேயே 1 லட்சத்தை உங்கள் பெயரில் வங்கி வைப்பாகப் போட்டு, ரசீதைக் கம்பெனிக்குப் பிணையமாக எழுதித் தருவது. கம்பெனி சம்மதித்தால்தான் நடக்கும். ஆனாலும் கேட்டுப் பார்ப்பது நல்ல சோதனை. உண்மையிலேயே ஜாமீனைப் பற்றிக் கவலைப்படும் கம்பெனி இதை மறுக்காது.

எந்த ஜாமீனும் இல்லாமல் பணம் கேட்கும் உரிமையும் சட்டத்தில் இருக்கிறது. இனி வரும் தவணைகள் முழுவதையும் பரிசுத் தொகையில் கழித்துக்கொள்ளச் சம்மதித்தால், பிணையமே கேட்கக் கூடாது. ஏல நாளிலிருந்து ஏழு நாட்களுக்குள், அல்லது அடுத்த தவணை நாளுக்கு முன், இரண்டில் எது முந்தியதோ அதற்குள் மீதியைக் கொடுத்துவிட வேண்டும். கழித்த தொகையை ஃபோர்மேன் ஒப்பந்தத்தில் சொன்ன வங்கியில் போட்டு வைத்து, உங்கள் தவணைகளுக்காக மட்டுமே எடுக்க வேண்டும். உங்களுக்கு இது உதவாது: 3,80,000-இல் 3,20,000 போனால் கையில் வருவது 60,000. ஆனால் 22-ஆம் மாதம் எடுப்பவருக்கு மீதி மூன்று தவணை, 60,000-தான் கழியும். சீட்டின் கடைசிக் காலாண்டில் எடுப்பவர்கள் ஜாமீனுக்கு அலைவது பெரும்பாலும் வீண் வேலை.

இப்போது அவசரமான விஷயம் ஒன்று. பரிசுத் தொகையை இரண்டு மாதத்துக்குள் நீங்கள் வாங்கிக்கொள்ளவில்லை என்றால், அந்தத் தவணைக்கு மறு ஏலம் நடத்த ஃபோர்மேனுக்குச் சட்டம் இடம் தருகிறது. உங்களுக்கு 40 நாள் ஓடிவிட்டது. "ஜாமீன் தரவில்லை, வாங்க வரவில்லை" என்று எழுதிவிட்டு மறு ஏலம் வைத்தால் பாதிப்பு உங்களுக்கு. ஆகவே ஜாமீன் கொடுத்தேன், பணம் கேட்டேன் என்பது இந்த 20 நாட்களுக்குள் எழுத்தில் பதிவாக வேண்டும். இதுவரை நடந்ததெல்லாம் கவுண்டரில் பேசிய பேச்சுதானே? கடிதத்தை ஸ்பீட் போஸ்டில், பட்டுவாடாச் சான்றோடு அனுப்புங்கள். வாசகம் இப்படி இருந்தால் போதும்:

"தங்கள் நிறுவனத்தின் ______ எண் சீட்டுக் குழுவில் ______ எண் சீட்டுக்கு உரிய நான், ______ தேதி நடந்த எட்டாவது ஏலத்தில் ரூ. 1,20,000 தள்ளிச் சீட்டு எடுத்தேன். ______ தேதியில் இரு ஜாமீன்தாரர்களின் சம்பளச் சான்றும் ஒப்புதலும் கொடுத்துள்ளேன். ஒன்பதாவது தவணையும் செலுத்தியுள்ளேன். பரிசுத் தொகை இன்று வரை எனக்கு வழங்கப்படவில்லை. பெற்றதாக எந்த வவுச்சரிலும் நான் கையெழுத்திடவில்லை. கொடுத்த பிணையம் போதாது என்றால் அதன் காரணத்தையும், ஒப்பந்தத்தின் எந்த விதிப்படி என்பதையும் ஏழு நாட்களுக்குள் எழுத்தில் தெரிவிக்கவும். பரிசுத் தொகை 22-ஆம் பிரிவின்படி தனிக் கணக்கில் செலுத்தப்பட்டிருந்தால் வங்கி, கணக்கு எண், தேதி ஆகியவற்றைத் தெரிவிக்கவும். தொகையைப் பெற்றுக்கொள்ள நான் தயாராக இருக்கிறேன். மறு ஏலத்துக்கு எனக்குச் சம்மதம் இல்லை."

இதன் நகலை அதே நாளில் பதிவாளருக்கும் அனுப்புங்கள். தமிழ்நாட்டில் சீட்டுகளைப் பதிவு செய்து கண்காணிப்பது பதிவுத் துறை. உங்கள் ஊர் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் சீட்டுகளுக்கென்று பிரிவு இருக்கும். அங்கே போகும்போது இன்னொன்றையும் கேட்டு உறுதி செய்யுங்கள். "பதிவு பெற்ற கம்பெனி" என்று எழுதியிருக்கிறீர்கள். கம்பெனி பதிவாகியிருப்பது வேறு, உங்கள் சீட்டுக் குழு பதிவாகியிருப்பது வேறு. ஒவ்வொரு குழுவுக்கும் தனியாக முன் அனுமதி வாங்கி, ஒப்பந்தத்தைப் பதிந்து, எல்லாச் சீட்டுகளுக்கும் ஆள் சேர்ந்தபின் தொடக்கச் சான்று பெற்ற பிறகுதான் முதல் ஏலமே நடத்தலாம். பத்துக் குழு நடத்துகிற இடத்தில் ஆறு பதிவாகி, நான்கு பதிவாகாமலே ஓடுவதுண்டு. பாஸ்புக்கில் உள்ள குழு எண்ணைக் காட்டி, அந்த எண் அலுவலகப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் விஷயம் ஜாமீனோடு நிற்காது. பதிவு செய்யாமல் சீட்டு நடத்துவது சிறைத் தண்டனை வரை போகும் குற்றம், காவல் துறையிடம் போக வேண்டியதுதான்.

குழு பதிவாகியிருந்தால், அதை நடத்த ஃபோர்மேன் பதிவாளர் பெயரில் வங்கி வைப்பு, அரசுப் பத்திரம் போன்ற வடிவில் பிணையம் கட்டியிருப்பார். அது ஆறுதல்தான், ஆனால் அதன் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மாதச் சீட்டுத் தொகையை, உங்கள் குழுவில் 5 லட்சத்தை, அடிப்படையாக வைத்துக் கட்டுவது அது. பத்தாவது மாதத்தில் கம்பெனி விழுந்தால், சீட்டு எடுக்காத பதினைந்து பேர் கட்டியிருக்கும் பணம் அதைப் போலப் பல மடங்கு. வங்கி வைப்புக்கு உள்ள காப்பீடும் சீட்டுக்குக் கிடையாது. ஆகவே ஒன்பதாவது ஏலக் குறிப்பில் உங்கள் பணம் இருக்கும் இடம் தெரியவில்லை என்றால், மற்ற உறுப்பினர்களுக்கும் அது தெரிந்தாக வேண்டிய செய்தி.

கடிதத்துக்குப் பதில் இல்லை, அல்லது மழுப்பலான பதில் என்றால், பதிவாளரிடம் தாவாவாகத் தாக்கல் செய்யுங்கள். சீட்டு நடத்துவது தொடர்பான தகராறுகளைச் சட்டத்தின் 64-ஆம் பிரிவுப்படி பதிவாளரோ அவர் நியமிப்பவரோ நடுவராக இருந்து தீர்ப்பார். சிவில் நீதிமன்றம் அதை விசாரிக்க முடியாது. வக்கீல் நோட்டீஸ் விட்டு முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டு, ஓராண்டு கழித்துத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. மனுவில் பரிசுத் தொகையோடு, கொடுத்திருக்க வேண்டிய நாளிலிருந்து வட்டியும் கேளுங்கள். கம்பெனி சொத்தைக் கைமாற்றுகிறது என்று தெரிந்தால், தீர்ப்புக்கு முன்பே சொத்தை முடக்கக் கேட்டு அதோடு மனு கொடுக்கலாம். ஒப்பந்த நகல், பாஸ்புக், தவணை ரசீதுகள், ஏல நோட்டீஸ், உங்கள் கடிதம், பட்டுவாடாச் சான்று, ஜாமீன் கொடுத்ததற்கான சான்று, மினிட்ஸ் நகல் இவ்வளவும் இணைத்தால் வழக்கு பாதி முடிந்த மாதிரி. தீர்ப்பு பிடிக்காவிட்டால் மேல்முறையீட்டுக்கு இரண்டு மாத அவகாசம்.

இனி உங்கள் அக்கா விஷயம். "கட்டியது கட்டியதுதான்" என்பது தவறு. சீட்டு எடுக்காத உறுப்பினர் தவணை தவறினால் ஒப்பந்தப்படி பெயரை நீக்க ஃபோர்மேனுக்கு அதிகாரம் உண்டு. பணத்தை விழுங்க அதிகாரம் இல்லை. நீக்கிய 14 நாட்களுக்குள் அவருக்கு எழுத்தில் அறிவிப்பு வந்திருக்க வேண்டும், பதிவாளருக்கும் அதே 14 நாட்களுக்குள் நகல் போயிருக்க வேண்டும். அறிவிப்பு கிடைத்த ஏழு நாட்களுக்குள் நிலுவையை வட்டியோடு கட்டினால் பெயரை மறுபடி சேர்க்க வேண்டும். நீக்கியதே சரியில்லை என்றால் அதே ஏழு நாட்களுக்குள் பதிவாளரிடம் முறையிடலாம். வாய்ச் சொல்லாகத்தான் சொன்னார்கள், கடிதம் எதுவும் வரவில்லை என்றால், அந்த ஏழு நாள் இன்னும் தொடங்கவே இல்லை. அக்காவால் கட்ட முடியுமானால் ஏழு, எட்டு, ஒன்பது மூன்று தவணைகளையும் வட்டியோடு வங்கி வழியாக இப்போதே அனுப்பிவிட்டு, "என் பெயர் நீக்கப்பட்டதாக எழுத்தில் எந்த அறிவிப்பும் வரவில்லை" என்று ஒரு கடிதமும் போடட்டும்.

கட்ட முடியாது என்றாலும் பணம் போகாது. அவர் இடத்துக்குப் புது ஆளைச் சேர்த்தால், அந்த ஆளிடம் வசூலித்ததிலிருந்து அக்கா கட்டிய தொகையை, ஒப்பந்தத்தில் சொன்ன பிடித்தம் போக, அடுத்த தவணை நாளுக்குள் வங்கியில் தனிக் கணக்கில் போட்டு அவருக்கும் பதிவாளருக்கும் தெரிவிக்க வேண்டும். கேட்கும்போது கொடுக்க வேண்டும். புது ஆள் கிடைக்கவே இல்லை என்றால், சீட்டு முடிந்த 15 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். உதாரணமாக, ஆறு தவணைகளில் கசர் போக அவர் கட்டியது 1,02,000 என்றும், பிடித்தம் சீட்டுத் தொகையில் 5 சதவீதம் என்று ஒப்பந்தம் சொல்வதாகவும் வைத்துக்கொள்வோம். 25,000 போக 77,000 அவருடையது. பிடித்தம் பற்றி ஒப்பந்தத்தில் ஒரு வரியும் இல்லை என்றால், எதைக் கழிக்கிறீர்கள், எந்த விதிப்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

உங்கள் மனுவையும் அக்கா மனுவையும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள். உங்களுடையது பரிசுத் தொகை பற்றியது, அவருடையது பெயர் நீக்கம் பற்றியது. கெடுவும் வேறு, காட்ட வேண்டிய ஆவணமும் வேறு. அவருக்கு இன்றே வேண்டியது அவருடைய பாஸ்புக்கும், ஆறு தவணை ரசீதுகளும், புது ஆள் யாராவது அவர் சீட்டு எண்ணில் சேர்ந்திருக்கிறாரா என்பதற்கான பதிலும். ஒன்பதாவது ஏலக் குறிப்பைப் பார்க்கப் போகும்போது உறுப்பினர் பதிவேட்டையும் கேட்டு, அந்த எண்ணுக்கு எதிரே யார் பெயர் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள்.